சாவி பிரிட்ஜில் இருக்கு: காசிக்கு 60 நாள் மூட்டை கட்டிய கதை

அக்டோபர் 28, செவ்வாய் (இன்னும் 60 நாள்)

தீபாவளிப் பலகார டப்பாவில் இன்னும் இரண்டு அதிரசம் மிச்சமிருக்கிறது. அதற்குள் இன்று காலை ஏழே முக்காலுக்கு வீட்டுக்காரர் போனும் கையுமாக ஹாலில் உட்கார்ந்துவிட்டார். ரயில்வேயில் முன்பதிவு முன்பு 120 நாளைக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். டிசம்பர் 27 சனிக்கிழமை மாலை சென்ட்ரலில் ஏற வேண்டுமென்றால் இன்று காலை 8 மணிக்குத் தட்ட வேண்டும். அரையாண்டு லீவில் எல்லோரும் கிளம்புவார்கள், நாமும் கிளம்புவோம் என்று ஊரே அதே நிமிடத்தில் தட்டும்.

நாங்கள் ஆறு பேர். அத்தைக்கு 66, மாமாவுக்கு 72, நாங்கள் இரண்டு பேர், பத்து வயதுப் பெரியவன், நாலு வயதுச் சின்னவள். அவளுக்கு ஐந்து வயது பிப்ரவரியில்தான் முடிகிறது, அதனால் டிக்கெட் வேண்டாம், என்னோடு ஒரே பெர்த்தில் படுத்துக்கொள்வாள். மிச்சம் ஐந்து டிக்கெட்.

ஐந்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் என்ன ஆகும் என்று போன வருடம் திருப்பதியில் என் நாத்தனார் குடும்பம் பட்டு அனுபவித்தது. மூத்தவர்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு, டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் வேலை செய்யும். கூட்டமாகப் போட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கும். எழுபது வயதுக்காரர் மேல் பெர்த்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் அத்தை மாமாவுக்கு ஒரு டிக்கெட், எங்கள் மூன்று பேருக்கு ஒன்று.

கிடைத்துவிட்டது. அவர்களுக்கு இரண்டு கீழ் பெர்த். ஆனால் அவர்கள் B1, நாங்கள் B4. "பரவாயில்ல, ஒரே வண்டிதானே" என்றார் இவர். நானும் அப்போது தலையாட்டினேன்.

நவம்பர் 27, வியாழன் (30 நாள்)

போனில் போட்டு வைத்த முதல் நினைவூட்டல் இன்று அடித்தது: "டிக்கெட் சத்தமாகப் படிக்கவும்." சத்தமாக என்று எழுதி வைத்தது நான்தான். கண்ணால் பார்த்தால் நமக்கு வேண்டியதுதான் கண்ணில் படும்.

இவர் போகும் டிக்கெட்டைப் படித்தார். வண்டி எண், தேதி, ஏறும் ஊர், பெயர், வயது. எல்லாம் சரி. வரும் டிக்கெட் முகல்சராயில் ஏற வேண்டும். இப்போது அந்த ஸ்டேஷனுக்குத் தீன்தயாள் உபாத்யாயா என்று பெயர், காசியிலிருந்து பதினாறு, பதினேழு கிலோமீட்டர். தேதி ஜனவரி 2, வெள்ளி. புறப்படும் நேரம் 00:35.

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை கேட்டார்: "அப்போ ரெண்டாந்தேதி ராத்திரி சாப்பாடு எங்கடா?"

"அங்கேயேதான்மா. சாப்பிட்டுட்டு பதினோரு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்."

"பன்னண்டரைன்னா மறுநாள் ஆயிடாதா?"

ஹாலில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. ரயில்வேக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. 2-ஆம் தேதி 00:35 என்றால் நமக்கு அது 1-ஆம் தேதி ராத்திரி. 2-ஆம் தேதி இரவு சாப்பிட்டு ஏப்பம் விட்டுப் போயிருந்தால், வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் செல்லாது, பணமும் வராது.

மறுநாள் வண்டியைப் பார்த்தோம். காத்திருப்போர் பட்டியல் அறுபதைத் தாண்டிவிட்டது. கையில் இருப்பதை ரத்து செய்தாலும் மூன்றடுக்கு ஏசிக்குத் தலைக்கு 180 ரூபாய், அதற்கு மேல் வரி. ஐந்து பேருக்கு 900-க்கு மேல் கொடுத்துவிட்டு நிச்சயமில்லாத சீட்டை வாங்குவதா? காசியில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டோம். சத்திரத்துக்குப் போன் போட்டு 2-ஆம் தேதி அறை வேண்டாம் என்றோம். அத்தை எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்று முழுக்க வீட்டில் நடமாட்டமே ராஜநடையாகத்தான் இருந்தது.

காலண்டரில் ஜனவரி 1 கட்டத்தில் சிவப்பு மையால் "ராத்திரி 9:30-க்கு அறையை விட்டுக் கிளம்பணும்" என்று எழுதிவிட்டேன். நள்ளிரவு 12-லிருந்து விடிகாலை வரை புறப்படும் எந்த வண்டிக்கும் தேதியை எழுதக் கூடாது, வீட்டைவிட்டு இறங்கும் நேரத்தைத்தான் எழுத வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு (20 நாள்)

டிட்வா புயல் மழை இப்போதுதான் ஓய்ந்தது. பரண் மேலிருந்து ஸ்வெட்டர் மூட்டையை இறக்கினோம். கொடைக்கானலுக்கு வாங்கிச் சில வருடம் ஆகிறது. அந்துருண்டை வாசமும் ஈர வாசமும் சேர்ந்து ஒரு புது வாசம். பெரியவனுடையது அவன் முழங்கையோடு நின்றுவிட்டது. அது தங்கைக்கு.

காசியில் டிசம்பர் கடைசியில் விடிகாலை வெயிலே தெரியாது, பத்து டிகிரிக்குக் கீழேயும் போகும். சென்னைக்காரனுக்குக் குளிர் என்றால் ஏசியைக் குறைத்தால் போய்விடும். அங்கே ராத்திரி முழுக்க இருக்கும், குறைக்க ரிமோட் கிடையாது. தடித்த ஒரே ஸ்வெட்டருக்குப் பதில் உள்ளே ஒரு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று அடுக்கிக்கொள்ளலாம் என்று முடிவு. வெயில் வந்தால் ஒவ்வொன்றாக உரிக்கலாம். தி.நகரில் நடைபாதைக் கடையில் குரங்குக் குல்லா 120 ரூபாய் சொன்னான், ஆறு எடுத்தால் 550. மாமா போட்டுப் பார்த்துவிட்டு, "திருடன் மாதிரி இருக்கேன்" என்று கழற்றி வைத்தார்.

டவல் விஷயத்தில் எனக்கும் இவருக்கும் வாக்குவாதம். நான் ஈரிழைத் துண்டு போதும் என்றேன். குளிரில் தடித்த டர்க்கி டவல்தான் சுகம் என்றார். ஆறு டர்க்கி டவல் உள்ளே போனது. இதை இங்கே குறித்து வைக்கிறேன், பிறகு வருகிறேன்.

டிசம்பர் 20, சனி (7 நாள்)

மருந்து நாள்.

மாமாவுக்குச் சர்க்கரை. காலை, இரவு இன்சுலின், கூடவே மாத்திரை, பிரஷர் மாத்திரை. பயணம் 27 முதல் 3 வரை எட்டு நாள். பனிக்காலத்தில் வடக்கே வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும், ரத்தும் ஆகும். அதனால் மூன்று நாள் கூட்டி 11 நாள் கணக்கு. நாளைக்கு இரண்டு மாத்திரை என்றால் 22. பதினைந்து மாத்திரை அட்டை இரண்டு வாங்கிவிட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் இரண்டு அட்டையையும் ஒரே பையில் வைக்கவில்லை. ஒன்று மாமாவின் கைப்பை, இன்னொன்று என் பை. ஒரு பை தொலைந்தாலும் பாதி மிஞ்சும்.

டாக்டர் சீட்டை போட்டோ எடுத்ததோடு நகலும் எடுத்துக்கொண்டோம். மருந்துக்கடைத் தம்பி ஒவ்வொரு மாத்திரைக்குப் பக்கத்திலும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். "நம்ம ஊர் கம்பெனி பேரு அங்க தெரியாதுக்கா. இதைக் காட்டுனீங்கன்னா எந்த ஊர்லயும் குடுப்பான்."

இன்சுலின்தான் எல்லோரும் தப்பு செய்யும் இடம். இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பேனா பிரிட்ஜுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில், ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும். முப்பது டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது, அவ்வளவுதான். பிரிக்காத உபரிப் பேனாதான் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைய வைத்துவிடுகிறார்கள். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க அப்படியேகூட இருக்கலாம், ஆனால் அதை நம்பிப் போடக் கூடாது. நாங்கள் குளிர் பையில் ஐஸ் பாக்கெட், அதன் மேல் மடித்த கைத்துண்டு, அதற்கு மேல் பேனா என்று வைப்பதாக ஏற்பாடு. காசிக் குளிரில் ஐஸே தேவைப்படாது.

மாமா சட்டைப் பையில் எப்போதும் நாலு சர்க்கரைக் கட்டி. ரயிலில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இலை கைக்கு வந்த பிறகுதான் ஊசி.

டிசம்பர் 24, புதன் (3 நாள்)

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. வீடு ரணகளம்.

இன்று சாப்பாட்டுக் கணக்கு. சனி இரவு, ஞாயிறு மூன்று வேளை. திங்கள் காலை ஏழு மணிக்குக் காசி என்பது அட்டவணை. இட்லி பெரியவர்களுக்கு நாலு, பெரியவனுக்கு நாலு, சின்னவளுக்கு இரண்டு, ஆக ராத்திரிக்கு 22. மறுநாள் காலைக்கு 18. மொத்தம் நாற்பது இட்லி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி, நன்றாக ஆறிய பிறகு வாழையிலையில். சூட்டோடு மூடினால் வேர்த்து நூல் விட்டுவிடும். தேங்காய்ச் சட்னி கிடையாது, பேச்சே வேண்டாம். ஞாயிறு மதியம் புளியோதரை, இரவு இருபது சப்பாத்தி, தக்காளித் தொக்கு.

அதற்கு அப்புறம் ஒரு மஞ்சள் பை. அவல், வெல்லம், பொட்டுக்கடலை, முறுக்கு, ரஸ்க், இரண்டு லிட்டர் தண்ணீர். இதற்கு "வண்டி லேட் பை" என்று பெயர் வைத்து, வண்டி தாமதமானால் தவிர யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். சின்னவள் முறுக்கைப் பார்த்த பார்வையில் அந்தச் சட்டத்தின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிய பிறகுதான் உறைத்தது. நாங்கள் ஒரு குடும்பமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம், ஆனால் டிக்கெட் எங்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. நாற்பது இட்லியும் B4-ல் இருந்தால் B1-க்கு யார் தூக்கிக்கொண்டு போவது? மூன்று பெட்டி தாண்டி, இரவு ஒன்பது மணிக்கு, ஆடுகிற வண்டியில்? அவிழ்த்துத் திரும்பக் கட்டினோம். ஆளுக்கு ஒரு பை என்ற கணக்கை விட்டுவிட்டு டிக்கெட்டுக்கு ஒரு பை. B1 பையில் அவர்களுடைய இட்லி, இன்னொரு மஞ்சள் பை, தண்ணீர், மருந்து, ஸ்வெட்டர், டார்ச். B4 பையில் எங்களுடையது. துணி சூட்கேஸ் இரண்டும் எங்கள் பெர்த்துக்கு அடியில்.

டிசம்பர் 26, வெள்ளி (கடைசி ராத்திரி)

இரவு ஒன்பது மணிக்குச் சோதனை. ஹால் நடுவில் பாய் விரித்து, எல்லாப் பையையும் கொட்டினோம். இவர் கஸ்டம்ஸ் அதிகாரி மாதிரி நாற்காலியில். பெரியவன் பட்டியல் வாசிக்க, நான் எடுத்துக் காட்ட, காட்டியது மட்டும் திரும்ப உள்ளே போகும்.

அத்தை பையிலிருந்து எலெக்ட்ரிக் கெட்டில் வந்தது. "மாமாவுக்கு வெந்நீர் வேணாமா?" ரயில் பிளக் போன் சார்ஜுக்கு மட்டும்தான். கெட்டில் போடுவது குற்றம், அதோடு மொத்தப் பெட்டிக்கும் மின்சாரம் போகலாம். அதற்குப் பதில் பிளாஸ்க். பிறகு ஒரு பெரிய கற்பூர டப்பா, தீப்பெட்டி. வண்டியில் கற்பூரம் ஏற்றி ஒரு சின்ன பூஜை என்பது திட்டமாம்.

மாமா அதுவரை பேசாமல் இருந்தார். "மதுரையில எரிஞ்சதே, ஞாபகம் இல்லையா?" என்றார். 2023 ஆகஸ்ட் 26, மதுரை ஸ்டேஷன் பக்கம் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் உள்ளே கேஸ் சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். விடிகாலை டீ போடப்போய் ஒன்பது பேர் போய்விட்டார்கள். அவர்கள் அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு, நாங்கள் இங்கிருந்து காசிக்கு. அத்தை தானே தீப்பெட்டியை எடுத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்தது பெரியவனின் பள்ளிப் பை. பட்டியலை ரொம்ப வேகமாக வாசித்தான், அதுவே சந்தேகம். கணக்கு நோட்டுக்கு நடுவில் ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பு. தீபாவளி மிச்சம். காசியில் புது வருஷத்துக்குக் கங்கைக்கரையில் கொளுத்துவதாக உத்தேசம். வெடி, மத்தாப்பு எதையும் ரயிலில் கொண்டுபோகக் கூடாது. மூன்று வருடம் வரை ஜெயில், ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஜெயில் என்றதும் அவன் முகம் போன போக்கில் சிரிப்பை அடக்க முடியவில்லை. மத்தாப்பு டிவி மேலே போனது.

சூட்கேஸ் இரண்டையும் மூடிப் பார்த்தோம். பெரிதாக ஒன்று எடுக்காமல் நடுத்தரமாக இரண்டு எடுத்ததற்குக் காரணம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டு. முழுக்க அடைத்த பெட்டியைக் கையால் தூக்கி இருபது படி ஏற முடியவில்லையென்றால் அது நமக்கான பெட்டி இல்லை. இவரை மாடிப்படியில் ஏற்றிப் பார்த்தேன். பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். டர்க்கி டவல். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் எடுக்கவில்லை.

இன்று கட்டவே முடியாத சாமான்கள் சில உண்டு. கிளம்பும் நிமிடம்வரை கையில் இருப்பவை. மாமாவின் பல்செட், கண்ணாடி, போன் சார்ஜர், இன்சுலின். இவைதான் மறக்கும். சார்ஜரும் பல்செட்டும் வாசல் கதவில் ஒட்டிய தாளில் எழுதியாச்சு. இன்சுலினைத் தாளை நம்பி விட மனசு வரவில்லை. மாமாதான் வழி சொன்னார். கிளம்பும்போது பூட்ட வேண்டிய வாசல் பூட்டுச் சாவியை பிரிட்ஜில், இன்சுலின் பெட்டி மேலேயே வைத்துவிட்டோம். சாவி இல்லாமல் வீட்டைப் பூட்ட முடியாது, பிரிட்ஜைத் திறக்காமல் சாவி வராது.

டிசம்பர் 27, சனி

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தபோது இவர் வீடு முழுக்கச் சாவியைத் தேடினார். "என்னங்க, பிரிட்ஜ்ல" என்று நான் கத்த, ஜில்லென்ற சாவியும் இன்சுலினும் சேர்ந்து வந்தன. அந்த ஒரு நிமிடத்துக்காகவே அறுபது நாள் பட்டதும் சரிதான் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

கூடூர் தாண்டும் முன்பே B1-க்கு டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். ஒவ்வொரு டிக்கெட்டிலும் யாராவது ஒருவர் அசல் அடையாள அட்டை காட்ட வேண்டும். இட்லியைப் பிரித்தோம், மருந்தைப் பிரித்தோம், ஆதார் அட்டைகள் மட்டும் ஆறும் ஒன்றாக, பத்திரமாக, இவர் இடுப்புப் பையில். B4-ல். மாமா போன் செய்தார், சிக்னல் இல்லை. பிறகு அவரே கம்பியைப் பிடித்துப் பிடித்து மூன்று பெட்டி தாண்டி வந்து நின்றார். இவர் எழுந்து ஓடினார். பரிசோதகர் ஆந்திராக்காரர். "ஏன் சார் ஓடறீங்க, நான் எங்க போறேன், அடுத்த ரவுண்டுல பார்த்திருப்பேனே. பெரியவரை எதுக்கு நடக்க விட்டீங்க" என்று தமிழிலேயே கடிந்துகொண்டாராம்.

இட்லி அமோகம். எதிர் பெர்த் சத்னாக்காரர் மூக்கை இழுத்துவிட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு கொடுத்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

பகல் முழுக்க வெயில். பல்லார்ஷாவில் டீ, நாக்பூரில் ஆரஞ்சு. இட்டார்சியில் இறங்கி நின்றபோது முதல் குளிர் காதைத் தொட்டது. ஸ்வெட்டர்கள் பெர்த் பையில் தயாராக இருந்தன, மாமா வாய் பேசாமல் திருடன் குல்லாவைப் போட்டுக்கொண்டார். என் சாக்ஸ் மட்டும் சூட்கேஸில். சூட்கேஸ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டு. சங்கிலிச் சாவி, மேல் பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் இடுப்பில். சின்னவளின் காலை என் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

டிசம்பர் 29, திங்கள்

விடிந்ததா என்பதே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பால். மாணிக்பூர் தாண்டி எங்கோ வயல்காட்டில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஏழு மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. கழிப்பறையில் தண்ணீர் தீர்ந்தது. டீக்காரர் வந்தபோது கேனில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, குழந்தைகள் இருக்கும் பெர்த்துக்கு முதலில் ஊற்றிவிட்டு அப்புறம்தான் மற்றவர்களுக்கு ஊற்றினார். யாரும் முணுமுணுக்கவில்லை.

மஞ்சள் பையைத் திறந்தோம். B1-லும் ஒன்று இருந்ததால் மாமா வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு ஊசி போட்டுக்கொண்டார். சத்னாக்காரர் ராத்திரியே அவர் ஊரில் இறங்கும்போது ஒரு பொட்டலம் மட்ரி என்கிற வடக்கத்தி உப்புப் பலகாரமும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெல்ல அவலோடு அந்த ஊறுகாய் சேரவே சேராது, சாப்பிட்டோம்.

காசி மதியம் இரண்டேகால். ஏழு மணி நேரத்துக்கு மேல் தாமதம். மின்சார ரிக்ஷாக்காரர் ஐந்நூறில் ஆரம்பித்து முந்நூறுக்கு வந்தார். கோதௌலியாவோடு சரி, அதற்கு மேல் வண்டி போகாது. சந்தில் கல் பாவிய தரை, மாட்டுச்சாணம், எதிரே மோட்டார் பைக். ஒரு சூட்கேஸின் சக்கரம் கழன்று ஓடியது. டவல் சூட்கேஸ்தான்.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. அத்தை விடிகாலை கேதார் கட்டத்தில் கங்கையில் முங்கினார். பனியில் நாலு படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, தண்ணீரின் சத்தம் மட்டும். மேலே ஏறியதும் பல் கிட்டிக்கொண்டது, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. விரதத்துக்கு மிச்ச அவல் கை கொடுத்தது.

விஸ்வநாதர் கோயிலுக்குள் போன், பை எதுவும் விடமாட்டார்கள், வெளியே லாக்கரில் வைக்க வேண்டும். புது வருடக் கூட்டம் வேறு. ஒருவர் மாற்றி ஒருவர் பையோடு நின்று, இரண்டு தடவையாகப் போய் வந்தோம். சின்னவள் மலையோ சாப்பிட்டாள். பனிக்காலத்தில் மட்டும் விற்கும் பால் நுரை, மண் குடுவையில், குங்குமப்பூ நிறம். வாயில் வைத்ததும் காணாமல் போய்விட்டது என்று குடுவைக்குள் தேடினாள்.

டர்க்கி டவல் ஆறும் கொடியில் தொங்குகின்றன. காயவில்லை.

ஜனவரி 1, வியாழன்

காயவில்லை. மூன்று நாள் ஆயிற்று, தொட்டால் கை ஈரமாகிறது, சத்திரத்து அறை முழுக்க நாய்க்குட்டி வாசம். நேற்றே சந்துக் கடையில் மெல்லிய துண்டு ஆறு வாங்கினார் இவர், ஒன்று 60 ரூபாய். வாங்கிக்கொண்டு வந்து என்னைப் பார்க்காமல் மடித்து வைத்தார்.

இரவு எட்டு மணிக்கு அறையிலேயே இன்னொரு சோதனை. இந்த முறை அத்தை மாமா ஆதார் அவர்கள் பையில். ஈரத் துணிக்குத் தனி பிளாஸ்டிக் பை. ஈயம் வைத்து மூடிய கங்கைச் செம்புகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் காகிதம் விரித்து, பத்து நிமிடம் வைத்துப் பார்த்தோம். எட்டில் ஒன்று கசிந்தது. அதை அத்தை அங்கேயே எல்லோர் தலையிலும் தெளித்துத் தீர்த்துவிட்டார்.

ஒன்பதரைக்குக் கிளம்பி முகல்சராய் சேர்ந்தபோது மணி பதினொன்று. வண்டி நாலு மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம் டிக்கெட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, விரல் விட்டு எண்ணி, ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஜனவரி 3, சனி

வீட்டுக்கு வரும்போது இரவு பதினொன்று. சென்னையில் புழுக்கம், ஸ்வெட்டரை ஆட்டோவிலேயே உரித்தாச்சு. இன்சுலினை பிரிட்ஜில் வைத்த கையோடு பழக்கதோஷத்தில் சாவியையும் உள்ளே வைத்துவிட்டேன்.

பெரியவன் டிவி மேலிருந்து மத்தாப்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினான். மழைக்காலத்தில் நமத்துப் போயிருந்தது. பத்தில் மூன்றுதான் பிடித்தது. கைப்பிடிச் சுவரில் ஆறு டர்க்கி டவல்களையும் விரித்துப் போட்டுவிட்டு இறங்கி வந்தோம்.